ஏழு விண்ணப்பங்கள், ஒரே நாள்
(நெய்வேலி நகரியத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சேர்ந்து ஒரு குறையைச் சொல்வது எப்படி, அதனால் நமக்கு ஏதும் வந்துவிடுமா?" என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் ஒரு தம்பி சிரித்துக்கொண்டே, "நெய்வேலியில் வந்து இதைப் பேசுவதா? இங்கே சின்னப் பிள்ளைக்கே கேட் மீட்டிங் தெரியும்" என்றார். உண்மைதான். மூன்று ஷிப்டுக்கும் சங்கு கேட்டு வளர்ந்த ஊர் இது. சங்கக் கொடி இல்லாத முனை இங்கே கிடையாது. ஆனால் சுரங்கத் தொழிலாளி செய்வதைப் பார்த்து அப்படியே நாமும் செய்யலாம் என்று நினைத்துவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அவருக்கு இருக்கிற குடை வேறு, நமக்கு இருக்கிற குடை வேறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2010 செப்டம்பரில் என்.எல்.சி. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரமும் ஊதிய உயர்வும் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் அது நீடித்தது. 2014இலும் அதேபோல ஒரு நீண்ட போராட்டம். அந்த நாட்களில் சுற்று வட்டாரப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு அது எப்படி இருந்தது என்று தெரியும். காலை இறைவணக்கத்தில் மயங்கி உட்காரும் பிள்ளையை "சாப்பிட்டாயா?" என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நிரந்தரத் தொழிலாளிக்குச் சேமிப்பு இருக்கும், சொசைட்டிக் கடன் இருக்கும். தினக்கூலிக்கு அது கிடையாது. அவர் இழந்தது அந்தந்த நாளின் அடுப்பு.

அப்படிப்பட்டவர்கள்கூட இரவோடு இரவாக மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் போக முடியாது. மக்களுக்கு மின்சாரம் தருகிற தொழில் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி பொதுப் பயன்பாட்டுப் பணி. அதன் 22ஆம் பிரிவு, வேலைநிறுத்தத்துக்கு முன்னால் நோட்டீஸ் கொடு, கொடுத்த பிறகும் 14 நாள் பொறு என்கிறது. அந்த நோட்டீஸ் சமரச அலுவலர் கைக்குப் போன தேதியிலிருந்தே சமரசப் பேச்சு தொடங்கிவிட்டதாகச் சட்டம் வைத்துக்கொள்கிறது. என்.எல்.சி. மத்திய அரசு நிறுவனம் என்பதால் அந்த அலுவலர் மத்தியத் தொழிலாளர் துறையைச் சேர்ந்தவர். பேச்சு நடக்கிற வரையிலும், அது முடிந்த பிறகு ஏழு நாளும் வேலைநிறுத்தம் கூடாது.

இதைக் கேட்டால் தொழிலாளியின் கையைக் கட்டுவதற்கென்றே எழுதினது போலத் தோன்றும். பாதிதான் சரி. அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு எதிர்ப்பக்கத்தின் கையையும் கட்டுகிறது. பேச்சு நடக்கும்போது, அந்தத் தகராறோடு தொடர்புள்ள குற்றம் சாட்டி எந்தத் தொழிலாளியையும் நிர்வாகம் தன் விருப்பத்துக்கு நீக்கவோ தண்டிக்கவோ முடியாது. சமரச அலுவலரிடம் எழுத்து மூலம் முன் அனுமதி வாங்க வேண்டும். தகராறுக்கு உரிய பணி நிபந்தனைகளையும் அவர்களுக்குப் பாதகமாக மாற்ற முடியாது. ஆக, நோட்டீஸ் என்ற அந்த ஒரு தாள் போராட்டத்தைத் தள்ளிப்போடுகிறது, கையெழுத்துப் போட்டவருக்குக் கூரையும் போடுகிறது. நோட்டீஸ் கொடுக்காமல் பாய்ந்தால் கூரையும் போச்சு, சட்ட விரோத வேலைநிறுத்தம் என்ற பெயரும் வந்தாச்சு. இப்போது 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. நோட்டீஸ் கட்டாயம் இனி எல்லாத் தொழிலுக்கும் பொது. இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தில் பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். "நாங்கள் ஸ்ட்ரைக் பண்ணவில்லையே, சி.எல். தானே போட்டோம்" என்கிற பேச்சுக்கு அங்கே இனி இடமில்லை.

சரி, இந்தக் கூரைக்குக் கீழே ஆசிரியர் நிற்க முடியுமா? முடியாது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனமும் 'தொழில்' என்ற வரையறைக்குள் வரும் என்றது. பத்து வருஷம் கழித்து, 1988இல், ஏ. சுந்தராம்பாள் வழக்கில் அதே நீதிமன்றம், ஆசிரியர் 'தொழிலாளர்' அல்லர் என்று சொல்லிவிட்டது. கற்பித்தல் என்பது உடலுழைப்போ, எழுத்தர் வேலையோ, தொழில்நுட்ப வேலையோ அல்ல என்பது காரணம். நம்மைப் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்! ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரு தனியார் பள்ளி பஸ் ஓட்டுநர் தொழிலாளர் சட்டத்தின் துணையைக் கேட்கலாம், அதே பஸ்ஸில் வந்து இறங்குகிற ஆசிரியை கேட்க முடியாது.

அரசு ஆசிரியருக்கு வேறொரு விதி இருக்கிறது. 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 22ஆவது விதி. எந்த அரசு ஊழியரும் வேலைநிறுத்தத்திலோ, அதற்குத் தூண்டுவதிலோ, அதைப் போன்ற செயல்களிலோ ஈடுபடக் கூடாது. 'அதைப் போன்ற செயல்' என்றால் என்ன என்பதையும் விளக்கக் குறிப்பில் சொல்லியிருக்கிறார்கள். மேலதிகாரியையோ அரசையோ ஒன்றைச் செய்ய வைக்கும் நோக்கத்தோடு அனுமதியில்லாமல் பணிக்கு வராமல் இருப்பது, உண்ணாவிரதம் இருப்பது, இவையெல்லாம் அதில் சேரும்.

அந்த விதியின் முழுக் கனம் என்ன என்று 2003இல் தெரிந்தது. மூத்தவர்களுக்கு நினைவிருக்கும், இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ஓய்வூதியப் பயன்கள் முதலானவற்றில் செய்த குறைப்புகளை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஜூலை 2ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம், 'டெஸ்மா' என்போமே, அது 2002லேயே இருந்தது. இரண்டே நாளில் அதைத் திருத்தி ஓர் அவசரச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் வேலையை இழந்தார்கள். குற்றக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை, அறிக்கை என்று நமக்குப் பழக்கமான படி எதுவும் இல்லை.

கூட்டமாக இருந்தால் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்பதுதான் அதுவரை எல்லாரும் நம்பிய கணக்கு. அந்தக் கணக்கு அன்றைக்குத் தப்பிப்போனது. அதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது அதற்கு அடுத்த கட்டம். உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, முதலில் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றது. அந்தத் தீர்ப்பாயத்தில் அப்போது ஒரே ஓர் உறுப்பினர்தான் இருந்தார். லட்சக்கணக்கான பேர், ஒரு மேசை! உச்ச நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டி, இப்படி ஒரு நிலையில் உயர் நீதிமன்றம் கதவைச் சாத்தியிருக்கக் கூடாது என்றது. டி.கே. ரங்கராஜன் வழக்கு என்று அதற்குப் பெயர், ஆகஸ்ட் 6ஆம் தேதி தீர்ப்பு. அதற்குள் அரசும் இறங்கி வந்திருந்தது. நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி 22ஆவது விதிக்குக் கட்டுப்படுவேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். கைதானவர்களும், வழக்குப் பதிவானவர்களும் வெளியே நின்றார்கள். அவர்களுடைய மனுக்களைப் பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூன்று பேர் நியமிக்கப்பட்டார்கள். அதே தீர்ப்பில்தான், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்று நீதிமன்றம் எழுதியது. 'தார்மிக' என்ற சொல்லை அங்கே சேர்த்திருக்க வேண்டியதில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம். சட்டம் சொல்வது அவர்கள் வேலை, தர்மத்தைப் பற்றி நாமும் இரண்டு வார்த்தை பேசலாம். ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான், இன்றைக்கும் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

2019 ஜனவரியில் நடந்த வேலைநிறுத்தத்தில் யாரையும் மொத்தமாக வீட்டுக்கு அனுப்பவில்லை. வேறு வழியில் வந்தது. ஊதியப் பிடித்தம், இடமாறுதல், 17(பி) குறிப்பாணை. 17(ஏ) சின்ன தண்டனைக்கு, 17(பி) பெரிய தண்டனைக்கு. நிலுவையில் ஒரு 17(பி) இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் தள்ளிப்போகும், ஓய்வு பெறுகிற நாளில்கூட ஆணை நிற்கலாம். அந்த நடவடிக்கைகளை அரசு பின்னாளில் கைவிட்டது வாஸ்தவம்தான். ஆனால் இடைப்பட்ட இரண்டு வருஷத்தில் பட்டியல் நமக்காகக் காத்திருக்குமா?

இதையெல்லாம் சொல்லி உங்களைப் பயமுறுத்தி வாயை மூட வைக்க நான் வரவில்லை. 1962இல் பீகார் அரசு ஊழியர் வழக்கு ஒன்று, காமேஷ்வர் பிரசாத் வழக்கு. ஆர்ப்பாட்டமே கூடாது என்றிருந்த விதியை உச்ச நீதிமன்றம் அந்த அளவுக்குச் செல்லாது என்று அறிவித்தது. அரசு வேலையில் சேர்ந்ததால் ஒருவர் தம் அடிப்படை உரிமைகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை என்பதுதான் சாரம். அமைதியான முறையில் ஒன்றுகூடிக் கருத்தைச் சொல்லலாம், சங்கம் வைக்கலாம். வேலையை நிறுத்தும் உரிமை மட்டும் அதில் அடங்காது. ஆக, கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சேர்வதிலும் சொல்வதிலும் இல்லை. வேலையை நிறுத்தி நெருக்குவதில் இருக்கிறது. பெரும்பாலான நம் குறைகளுக்கு அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகத் தேவையில்லை. நான் பட்ட ஒன்றைச் சொல்கிறேன்.

ஊரின் பெயர், அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நான் உதவி ஆசிரியராக இருந்த காலம். பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்ந்தவர்களுக்கு மாதம் அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பத்து சதவீதம் பிடிப்பார்கள். வருஷக் கடைசியில் கணக்குச் சீட்டு வரும். அந்த வருஷம் சீட்டைப் பார்த்த ஓர் ஆசிரியை, "சார், எனக்கு மூணு மாசம் விடுபட்டிருக்கு" என்றார். பக்கத்துப் பள்ளியில் கேட்டால் அங்கேயும். மூன்று பள்ளிகளில் ஏழு பேர். பிடித்தது நிஜம், சம்பளச் சீட்டில் இருக்கிறது. கணக்கில் மட்டும் இல்லை.

எல்லாருக்கும் ரத்தம் கொதித்தது. உடனே போய் நிற்கலாம் என்றார்கள். எங்களில் மூத்தவர் ஒருவர், சங்க வேலையில் பழுத்தவர், "முதல்ல ஒரு தாள் எடுங்க" என்றார். ஏழு பேரின் பெயரை இடப்பக்கம், பன்னிரண்டு மாதங்களை மேலே போட்டு, விடுபட்ட இடத்தில் பெருக்கல் குறி. போட்டு முடித்ததும் விஷயம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து பேருக்கு அதே மூன்று மாதங்கள். அப்படி என்றால் அந்த மாதங்களின் பட்டியலோடு போக வேண்டிய பிடித்தப் பட்டியல் இணைக்கப்படவில்லை, அல்லது வழியில் பிரிந்துபோனது. மீதி இரண்டு பேருக்கு விடுபட்ட மாதங்கள் வேறு வேறு. அது பெரும்பாலும் அவர்களுடைய கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தப்பாகப் போயிருப்பதால் வருவது. அந்தப் பணம் வேறு யார் கணக்கிலோ போய் உட்கார்ந்திருக்கும், அல்லது எங்கேயும் சேராமல் தொங்கும். ஐந்து பேருடையது பொதுக் குறை. இரண்டு பேருடையது ஒரே மாதிரி தெரிந்தாலும் தனித்தனிக் குறை. இதைப் பிரிக்காமல் போயிருந்தால், இரண்டு பேருடைய எண் தப்பைக் காட்டியே ஏழு பேரையும் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அடுத்து, ஒரே மனுவில் ஏழு கையெழுத்தா, தனித்தனியா என்று பேச்சு வந்தது. ஒரே மனு என்றால் முதல் கையெழுத்து யாருடையது என்ற கேள்வி வரும். முதலில் இருப்பவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். தவிர, ஒருவர் பின்வாங்கினால் மனுவே ஆட்டம் காணும். எனவே ஏழு விண்ணப்பம். ஒவ்வொன்றிலும் அவரவர் கணக்கு எண், அவரவர் மாதங்கள், தொகை, சம்பளச் சீட்டு நகல். பட்டியல் பணமான தேதியும் கருவூல வவுச்சர் எண்ணும் தெரிந்த இடத்தில் அதையும் எழுதினோம், ஏனென்றால் தேடுகிறவருக்கு அந்த எண் இல்லாமல் கட்டைப் பிரிக்க முடியாது. கோரிக்கை ஒரே வரி: விடுபட்ட மாதங்களைச் சேர்த்துத் திருத்திய சீட்டு வழங்க வேண்டும். தலைமையாசிரியர் வழியாக, ஒரே நாளில், ஏழும் கொடுத்தோம். ஏழு நகலிலும் தேதியோடு ஒப்புகை. பள்ளி நேரம் முடிந்த பிறகுதான் போனோம். ஒருவரும் வகுப்பை விட்டு வரவில்லை. பின்னால் கேட்டார்கள், "வேலை நேரத்தில் கூட்டம் கூடினீர்களா?" என்று. வருகைப் பதிவேடு எங்களுக்காகப் பதில் சொன்னது.

எங்களில் ஒருவர் தகுதிகாண் பருவத்தில் இருந்தார். அவரைக் கொடுக்க வேண்டாம் என்றோம். அவர் கேட்கவில்லை, அவருடையதும் போனது. அவர் பணம், அவர் முடிவு. ஆனால் சேரச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கும் தொகுப்பூதியத்தில் இருப்பவருக்கும் நடக்கக்கூடியது நமக்கு நடக்கக்கூடியதைவிடப் பெரிது. அந்த வித்தியாசத்தை அவர் சேரும் முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஓர் இடத்தில் கோட்டை விட்டோம். எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒருவர், "பணத்தைச் சாப்பிட்டுவிட்டார்கள்" என்று ஓர் எழுத்தர் பெயரோடு போட்டார். குழுவில் இருந்தவர்கள் பதினோரு பேர். மறுநாள் காலை அந்தப் படம் அலுவலக மேசையில் இருந்தது. அதுவரை விடுபட்ட மாதங்களைப் பற்றி இருந்த பேச்சு, அன்றிலிருந்து ஒரு நபரின் மானத்தைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது. ஆதாரம் இல்லாத குற்றச்சாட்டு என்று விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. எழுதினவர் நேரில் போய் அந்த எழுத்தரிடம் வருத்தம் தெரிவித்த பிறகுதான் அது அடங்கியது. உண்மையில் அந்த மனிதர் கையில் ஒரு பைசாகூடப் போகவில்லை. பிடித்தப் பட்டியல் மூன்று மாதமும் வேறொரு கட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

"யார் இதை ஆரம்பித்தது?" என்ற கேள்வியும் வந்தது. வரும் என்று மூத்தவர் முன்பே சொல்லியிருந்தார். ஒவ்வொருவரும் "என் சீட்டில் விடுபட்டிருந்தது, நான் விண்ணப்பித்தேன்" என்றோம். பொய் இல்லை. ஏழு விண்ணப்பமும் அதைத்தான் சொல்லின.

ஐந்து பேருக்கும் நான்கு மாதத்தில் திருத்திய சீட்டு வந்தது. நடுவில், எங்களில் நன்றாகப் பேசக்கூடிய ஆசிரியை ஒருவரை இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கு மாற்றுப் பணியாகப் போட்டார்கள். ஆள் பற்றாக்குறை என்று ஆணையில் இருந்தது. அந்தப் பள்ளியில் ஆள் பற்றாக்குறை இருந்ததும் நிஜம். இதனால்தானா, இல்லையா என்று எங்களால் நிரூபிக்க முடியவில்லை. பழிவாங்கல் இப்படித்தான் வரும், வந்தால். காரணத்தோடு வரும். நாங்கள் செய்ய முடிந்தது இரண்டு. அவர் விண்ணப்பம் கொடுத்த தேதி, ஆணையின் தேதி, அதே பள்ளிக்கு அவரைவிடப் பணியில் இளையவர்கள் யார் யார் அருகில் இருந்தார்கள் என்பது, இவற்றை எழுதி ஒரு முறையீடு கொடுக்க உதவினோம். மற்றது, ஆறு பேரும் முறை வைத்துக்கொண்டு பஸ் செலவைப் பகிர்ந்துகொண்டோம். சேர்ந்து குறை சொல்லக் கிளம்புமுன் இதைப் பேசிவைத்துக்கொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அடி ஒருவர் மேல் மட்டும் விழுந்தால் மற்றவர்கள் என்ன செய்வோம் என்பதை விண்ணப்பம் எழுதும் நாளிலேயே பேசிவிடுங்கள். மூன்று மாதத்தில் அவர் திரும்பினார். முறையீட்டுக்குப் பதில் மட்டும் கடைசிவரை வரவில்லை.

தனிக் குறை இரண்டில் ஒன்று, ஆறும் ஒன்பதும் இடம் மாறிய கணக்கு எண். கண்டுபிடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. மற்றவருடைய ஒரு மாதம் இன்னும் சேரவில்லை. ஒப்புகை போட்ட அந்த நகலை அவர் இன்றைக்கும் வைத்திருக்கிறார், ஓய்வு பெற இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது, நினைவூட்டுக் கடிதம் எட்டாவது போன வாரம்தான் போயிருக்கிறது.